வீடியோ பார்த்தவர்களுக்கு ரீமார்க்கெட்டிங்: 18 லிஸ்ட் போட்டும் எல்லாமே Too small to serve என்று நிற்கிறது

கயல்_எடிட்

வணக்கம். நான் ஆன்லைனில் வீடியோ எடிட்டிங் வகுப்பு எடுக்கிறேன். யூடியூப் சேனலில் ஆறு இலவசப் பாடங்கள் போட்டிருக்கிறேன், கடந்த 28 நாளில் எல்லாம் சேர்த்து 2,600 பார்வை வந்திருக்கிறது. சேனலை கூகுள் ஆட்ஸோடு இணைத்து மூன்று வாரம் ஆகிறது. நிறப் பாடம் பார்த்தவருக்கு நிறம் பற்றிய விளம்பரம், ஒலிப் பாடம் பார்த்தவருக்கு ஒலி பற்றிய விளம்பரம் என்று காட்டலாம் என நினைத்து ஆறு வீடியோவுக்கும் பார்த்தவர்களின் தனித்தனி லிஸ்ட் போட்டேன். அதிலும் ஒவ்வொன்றுக்கும், பார்த்தவர் லிஸ்ட்டில் தங்கும் காலம் 7 நாள், 30 நாள், 90 நாள் என்று மூன்று. ஆக மொத்தம் 18.

இப்போது Audience manager-ஐத் திறந்தால் யூடியூப் அளவு காட்டும் இடத்தில் 18-லும் Too small to serve, அதாவது விளம்பரம் காட்டப் போதாத அளவு சின்னது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்கூட இல்லை. கேம்பெயின் ஓடத் தொடங்கி ஆறு நாள் ஆகியும் ஒரே ஒரு தடவைகூட விளம்பரம் காட்டப்படவில்லை. 2,600 பார்வை இருந்தும் இது எப்படி? எங்கே தப்பு செய்தேன்?

பாரி77

உங்கள் தளத்துக்கு வருபவர்களைப் பதிவு செய்யும் டேக் சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் இதே மாதிரி லிஸ்ட் காலியாகவே இருந்தது, கடைசியில் பார்த்தால் நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் டேக் இருந்திருக்கிறது, மற்ற பக்கங்களில் இல்லை. எல்லாப் பக்கத்திலும் போட்டதும் இரண்டு நாளில் நிரம்பியது.

கயல்_எடிட்

நன்றி பாரி, ஆனால் இது தளத்துக்கு வந்தவர்கள் லிஸ்ட் இல்லை. யூடியூபில் வீடியோ பார்த்தவர்கள் லிஸ்ட். இதற்கு டேக் எதுவும் வேண்டாம், சேனல் இணைப்பு இருந்தால் போதும். இணைப்பு சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

முத்துவேல்

கயல், தப்பு என்று ஒன்று இல்லை. ஆனால் பார்வையையும் ஆளையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். 2,600 என்பது பார்வை. லிஸ்ட்டில் ஏறுவது ஆள். பாட வீடியோவை ஒருவரே நிறுத்தி நிறுத்தி நான்கு நாள் திரும்ப வந்து பார்ப்பார், பார்வை நான்கு, ஆள் ஒன்று. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் பகுதியில் தனி ஆட்கள் எத்தனை பேர் என்று காட்டும், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் லிஸ்ட்டின் உச்சவரம்பு அதுதான், அதிலிருந்தும் கழியும்.

எப்படிக் கழியும் என்றால், கணக்கில் நுழையாமல் பார்த்தவரைப் பிடித்துவைப்பது கடினம். தனக்கேற்ற விளம்பரம் வேண்டாம் என்று அமைப்பில் அணைத்து வைத்தவர் வர மாட்டார். 18 வயதுக்குக் கீழே என்று கூகுளுக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த மாதிரி விளம்பரமே காட்டுவதில்லை. எடிட்டிங் பாடம் என்றால் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் பார்ப்பார்கள், அதனால் உங்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே இடிக்கும். இன்னொன்று, லிஸ்ட் போடும்போது கடந்த 30 நாள் ஆட்களைச் சேர்த்துத் தொடங்கு என்பதா, காலியாகத் தொடங்கு என்பதா என்று கேட்கும். காலி என்று விட்டிருந்தால் போட்ட நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

அளவு எவ்வளவு இருந்தால் ஓடும் என்றால், கடந்த 30 நாளில் செயலில் இருந்தவர்கள் டிஸ்ப்ளேவுக்கு 100 பேர், சர்ச்சுக்கும் யூடியூபுக்கும் 1,000 பேர் என்பதுதான் பல வருடம் இருந்த கணக்கு. கூகுள் இந்த எண்களை அப்படியே விட்டு வைப்பதில்லை, அதனால் மனப்பாடம் செய்வதைவிட உங்கள் அக்கவுண்டில் ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் காட்டும் நிலையைப் பார்ப்பதே சரி. ஒரே லிஸ்ட் ஓரிடத்தில் ஓடும், இன்னோரிடத்தில் சின்னது என்று நிற்கும். ஆனால் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டாலும், இருக்கிற கொஞ்சம் ஆட்களை 18 பாத்திரத்தில் ஊற்றினால் ஒன்றும் நிறையாது.

கயல்_எடிட்

பார்த்தேன். தனி ஆட்கள் 1,050 பேர்தான். அதிகம் பார்த்த வீடியோவுக்கு மட்டும் 430, கடைசி இரண்டுக்கும் நூறுக்கும் கீழே. 2,600 என்று தலையில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறேன். காலியாகத் தொடங்கு என்பதையும் கவனிக்காமல் ஐந்து லிஸ்ட்டில் விட்டிருக்கிறேன்.

சரண்யா_மீடியா

இதற்கு ரொம்ப எளிதான வழி இருக்கிறது. லிஸ்ட் எல்லாவற்றின் கால அளவையும் 540 நாள் ஆக்கிவிடுங்கள், யூடியூப் லிஸ்ட்டுக்கு அதுதான் அதிகபட்சம். அப்புறம் 18 லிஸ்ட்டையும் ஒரே ஆட் குரூப்பில் போடுங்கள், எல்லாம் கூட்டாகச் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். நான் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படித்தான் செய்தேன், ஒரு மாதத்தில் ஓட ஆரம்பித்தது.

முத்துவேல்

சரண்யா சொல்வதில் திசை சரி, இரண்டு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும்.

கால அளவை நீட்டலாம், நீட்டத்தான் வேண்டும். ஆனால் நீட்டினால் இன்று லிஸ்ட்டில் இருப்பவர்கள் இன்னும் நாள் தங்குவார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே காலாவதியாகி வெளியே போனவர் திரும்பி வர மாட்டார். 7 நாள் லிஸ்ட்டை இன்று 540 ஆக்கினால் கையில் இருப்பது இந்த ஒரு வாரத்து ஆட்கள் மட்டுமே, மீதி இனிமேல்தான் சேர வேண்டும். மேலும் வரம்பு பார்ப்பது கடந்த 30 நாளில் செயலில் இருந்தவர்களை வைத்து. எட்டு மாதத்துக்கு முன் பார்த்தவர் இப்போதும் அதே கணக்கில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணுவார்கள், இல்லையென்றால் லிஸ்ட்டில் பெயருக்கு இருப்பார், வரம்புக்கு உதவ மாட்டார்.

இரண்டாவது, ஒரே ஆட் குரூப்பில் 18-ஐப் போட்டால் கூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு லிஸ்ட்டும் தனியாகவே வரம்பைத் தாண்ட வேண்டும், சின்னது எல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் வாடிக்கையாளருக்கு ஓடியது என்றால் அதில் ஒரு லிஸ்ட்டாவது அந்த ஒரு மாதத்தில் தானாக வளர்ந்து தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கூட்ட வேண்டும் என்றால் லிஸ்ட் மட்டத்திலேயே கூட்ட வேண்டும். ஒன்று, Custom combination-ல் இதில் இருந்தாலும் சரி அதில் இருந்தாலும் சரி என்று போட்டு ஒரே லிஸ்ட் ஆக்குவது. இல்லையென்றால் சேனலின் எந்த வீடியோவையாவது பார்த்தவர் என்று ஒரே லிஸ்ட்டாகப் போட்டுவிடுவது. கயலுக்கு இரண்டாவதே போதும்.

கூட்டும்போது ஒன்றை எதிர்பாருங்கள். 430, 300, 250 என்று இருந்தால் 980 வராது. ஒரே ஆள் மூன்று பாடமும் பார்த்திருப்பார். பாடத் தொடர் என்றால் இந்த மேற்கவிதல் இன்னும் அதிகம்.

சரண்யா_மீடியா

ஆமாம், அந்த அக்கவுண்டில் ஒரு வீடியோ நடுவில் நன்றாக ஓடியது. இப்போது யோசித்தால் அது மட்டுமே ஓடியிருக்கலாம். திறந்து பார்க்கிறேன்.

மருதம்

எனக்கு இதற்கு நேர் எதிர். தூக்கமின்மைக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவருக்கு விளம்பரம் பார்க்கிறேன். வீடியோ பார்த்தவர்கள் லிஸ்ட்டில் 6,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், Too small எதுவும் இல்லை, ஆனாலும் ஓடவில்லை. லிஸ்ட்டை இன்னும் பெரிதாக்கலாம் என்று இரண்டு மாதமாக வீடியோவுக்குச் செலவு செய்துகொண்டிருக்கிறேன். எவ்வளவு ஆனால் ஓடும்?

முத்துவேல்

மருதம், தயவுசெய்து இன்றே அந்தச் செலவை நிறுத்துங்கள். இது அளவுப் பிரச்சினை இல்லை. நோய், சிகிச்சை சார்ந்த விளம்பரத்துக்கு நாமே சேர்த்த லிஸ்ட்டைக் குறிவைத்துப் பயன்படுத்த கூகுளின் தனிப்பயன் விளம்பரக் கொள்கை இடம் தருவதில்லை. ஒருவர் தூக்கமின்மை வீடியோ பார்த்தார் என்பதே அவர் உடல்நிலை பற்றிய செய்தி ஆகிவிடுகிறது, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு, அது நியாயமும்கூட. விளம்பரத்தின் நிலையில் Eligible (limited) என்று இருக்கிறதா பாருங்கள், அதன்மேல் வைத்தால் காரணம் காட்டும். 60,000 பேர் சேர்ந்தாலும் இதுவேதான் நடக்கும். தேடுபவருக்குச் சொல்லை வைத்துக் காட்டுவது, சம்பந்தப்பட்ட வீடியோக்களின் பொருளை வைத்துக் காட்டுவது, இந்த மாதிரி வழிகளைப் பாருங்கள்.

மருதம்

Eligible (limited) என்றுதான் இருக்கிறது. மருத்துவர் கையிலிருந்து போன பணம் என்பதால் மனது கஷ்டமாக இருக்கிறது. நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

நிலாமுற்றம்

பேஸ்புக் பக்கத்திலிருந்து என் அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். கூகுள் போல ஓடாது என்று பளிச்சென்று சொல்லாது. அளவு 1,000-க்குக் கீழே என்று மட்டும் காட்டும், விளம்பரம் பாட்டுக்கு ஓடும், பணமும் போகும், அதே முகங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும்.

கையால் செய்த நோட்டுப் புத்தகங்கள் விற்கிறேன். 50 சதவீதம் வீடியோ பார்த்தவர்கள், கூடவே பக்கத்தோடு ஏதாவது தொடர்பு கொண்டவர்கள், 30 நாள், இரண்டும் சேர்த்து வாங்குதலுக்கு ஆப்டிமைஸ் செய்து விட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் அதிர்வெண் 9. அதாவது சராசரியாக ஒருவர் என் நோட்டை ஐந்து நாளில் ஒன்பது தடவை பார்த்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் கமெண்ட்டில் வந்து, வாங்கிவிட்டேன் அம்மா, இன்னும் ஏன் துரத்துகிறீர்கள் என்று கேட்டார். வாங்கியவர்களை விலக்காமல் விட்டது என் தவறு, உடனே விலக்கினேன்.

அப்புறம்தான் ஒரு விஷயம் புரிந்தது. அங்கே ஒரு ஆட் செட் கற்றல் நிலையிலிருந்து வெளியே வர வாரத்துக்குச் சுமார் 50 விளைவு வேண்டும். சில நூறு பேர் லிஸ்ட்டில் வாரம் 50 பேர் வாங்குவது நடக்கிற காரியமா? அதனால் வாங்குதலை விட்டுவிட்டு ரீச் என்று வைத்து, ஒருவருக்கு ஏழு நாளில் இரண்டு தடவை என்று வரம்பு போட்டேன். செலவு மிகவும் குறைந்தது, விற்பனை குறையவில்லை.

அந்த 50 சதவீதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. என்னிடம் 20 வினாடி வீடியோவும் இருக்கிறது, பைண்டிங் செய்வதைக் காட்டும் 8 நிமிட வீடியோவும் இருக்கிறது. முதலாவதில் பாதி என்றால் 10 வினாடி, விரல் சும்மா நின்றிருக்கும். இரண்டாவதில் பாதி என்றால் 4 நிமிடம், அவர் உண்மையிலேயே ஆர்வமுள்ளவர். இரண்டையும் ஒரே லிஸ்ட்டில் போட்டுவைத்திருந்தேன். இப்போது நீள வீடியோவுக்கு 25 சதவீதம், குட்டி வீடியோவுக்கு 95 சதவீதம் என்று வைத்து 180 நாளுக்கு நீட்டி ஒரே லிஸ்ட்டாகச் சேர்த்திருக்கிறேன். 3 வினாடி லிஸ்ட்டை மட்டும் தொடுவதே இல்லை, அது தானாக ஓடும் வீடியோவைக் கடந்து போனவர்களின் கூட்டம்.

பாரி77

நிலா, 3 வினாடி லிஸ்ட் வேண்டவே வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு வேறு எதுவும் நிறையாது. முதல் மாதம் அதை வைத்து ஓட்டிவிட்டு, 15 வினாடி ThruPlay லிஸ்ட் நிறைந்ததும் மாறிக்கொள்வதுதான் என் வழக்கம்.

கயல்_எடிட்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

18-ஐயும் எடுத்துவிட்டேன். சேனலில் எந்த வீடியோ பார்த்தவர், சேனல் பக்கத்துக்கு வந்தவர், வீடியோவுக்கு லைக் போட்டவர், விளம்பரமாகப் பார்த்தவர் நான்கையும் இணைத்து ஒரே லிஸ்ட், 540 நாள். விளம்பரமாகப் பார்த்தவரைச் சேர்ப்பதற்காக, வகுப்பை விற்காமல் ஒரே ஒரு உத்தியைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ ஒன்றைச் சின்ன பட்ஜெட்டில் ஓட்டினேன். முதலில் 6 வினாடி பம்பர் போட இருந்தேன், முத்துவேல் தனியாக எழுதித் தடுத்தார். பம்பரில் பார்வை என்று எண்ணுவதே இல்லை, அதனால் எத்தனை பேர் பார்த்தாலும் லிஸ்ட்டில் ஏற மாட்டார்கள் என்றார். தவிர்க்கக்கூடிய விளம்பரத்தில் 30 வினாடி பார்க்க வேண்டும், அதைவிடக் குட்டி என்றால் முழுதும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கிளிக் செய்ய வேண்டும், அப்போதுதான் பார்வை. என் வீடியோ 50 வினாடி. உத்தியின் முடிவு 22-ஆவது வினாடியில் வந்துவிட்டது, அதைப் பார்த்ததும் எல்லோரும் தவிர்த்துவிட்டார்கள். முடிவை 34-க்குத் தள்ளி மறுபடி எடிட் செய்தேன், அதன்பிறகே லிஸ்ட் நகர ஆரம்பித்தது.

நான்காம் வாரம் Too small போய் 1,300 என்று எண் வந்தது. உண்மையிலேயே துள்ளிக் குதித்தேன். இந்த லிஸ்ட்டுக்குக் கூகுளின் டிமாண்ட் ஜென் வகைக் கேம்பெயின் ஒன்று போட்டேன், பணம் செலவாகிறது, நாளுக்கு 4,000 தடவை காட்டுகிறது. ஆனால் ஒரு சேர்க்கைகூட இல்லை. ஐந்து நாள் ஆகிறது.

முத்துவேல்

எண்ணை நிறுத்திப் பாருங்கள் கயல். லிஸ்ட்டில் 1,300 பேர். அவர்களில் பாதிப் பேர் ஒரு நாளில் உங்கள் விளம்பரம் வரும் இடத்துக்கு வந்தாலே நல்ல விஷயம். அப்படி 650 பேருக்கு ஒரு நாளில் 4,000 தடவை என்றால் தலைக்கு ஆறு தடவைக்கு மேல், அதுவும் தினமும். நம்பும்படி இல்லை. உங்கள் ஆட் குரூப்பில் Optimized targeting அணைந்திருக்கிறதா? டிமாண்ட் ஜென்னில் அது தானாகவே இயங்கிய நிலையில் வரும். அது இருந்தால் லிஸ்ட்டை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு வெளி ஆட்களுக்குக் காட்டும். Audiences அறிக்கையில் உங்கள் லிஸ்ட்டுக்கு ஒரு வரி, விரிவாக்கத்துக்குத் தனியாக ஒரு வரி இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கயல்_எடிட்

ஐந்து நாளில் மொத்தம் 20,000 சொச்சம். அதில் லிஸ்ட்டுக்குப் போனது 1,900. மீதி முழுக்க விரிவாக்கம். அதாவது என்னை அறிந்தவர்களுக்கென்று, ‘பாடம் பார்த்தீர்களே, அடுத்தது இது’ என்று தொடங்கும் விளம்பரத்தை என்னைப் பார்த்தே இராதவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அணைத்துவிட்டேன். அணைத்ததும் நாள் செலவு பத்தில் ஒரு பங்காகிவிட்டது, ஏதோ உடைந்துவிட்டது மாதிரி இருக்கிறது.

முத்துவேல்

உடையவில்லை, இதுதான் உங்கள் லிஸ்ட்டின் உண்மையான அளவு. பட்ஜெட்டை வைத்து லிஸ்ட்டை இழுக்க முடியாது, லிஸ்ட்டை வைத்துத்தான் பட்ஜெட். உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள்: 1,300 பேரில் வாரத்துக்கு 800 பேரைத் தொட முடிகிறது, தலைக்கு மூன்று தடவை, மொத்தம் 2,400. நூற்றுக்கு ஒருவர் கிளிக் செய்தால் 24 பேர் உங்கள் வகுப்புப் பக்கத்துக்கு வருவார்கள். அந்த 24-ல் ஒருவரோ இருவரோ சேர்ந்தால் நல்ல வாரம். சேர்க்கையை வைத்து ஏலம் கேட்கும் முறைக்கு இந்த அளவு தீனி போதாது, அதனால் கிளிக்கை வைத்து ஏலம் கேட்கும்படி மாற்றுங்கள், விளைவை வாரக் கணக்கில் பார்க்காமல் இரண்டு மாதம் சேர்த்துப் பாருங்கள்.

இடம், மொழி, வயது என்று மேலே வடிகட்டி ஏதாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 1,300-ல் வயது 25 முதல் 34 வரை என்று வைத்தால் சில நூறுதான் மிஞ்சும். பாடத்தை முழுக்கப் பார்த்தவர் ஏற்கெனவே தன்னைத்தானே தேர்ந்தெடுத்துவிட்டார், நாம் இன்னொரு தடவை தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தறி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒன்று கேட்கிறேன். நிரப்புவதற்காக ஓட்டிய வீடியோவிலிருந்து வந்தவர்களும் தானாகத் தேடி வந்து பாடம் பார்த்தவர்களும் ஒரே லிஸ்ட்டில் இருப்பது சரியா? எங்கள் அக்கவுண்டில் நிரப்பிய பார்வைகளில் பெரும்பகுதி டிவித் திரையில் வந்தது. டிவியில் ஒரே கணக்கில் வீட்டில் நான்கு பேர் பார்ப்பார்கள், ரிமோட் கையில் இல்லாததாலேயே 30 வினாடி ஓடிவிடும். லிஸ்ட் எண் ஜம்மென்று ஏறியது, தரம் விழுந்தது. இப்போது நிரப்பும் கேம்பெயினில் டிவித் திரையை விலக்கிவிட்டோம், லிஸ்ட் வளர்வது பாதியாகக் குறைந்தது, கிளிக் மட்டும் மேலே வந்தது.

கயல்_எடிட்

இதை யோசிக்கவே இல்லை. என் நிரப்பும் கேம்பெயினிலும் சாதன வாரியாகப் பார்த்தேன், பாதிக்கு மேல் டிவி. அப்படியென்றால் 1,300-ல் உண்மையான ஆர்வம் உள்ளவர் 700 இருப்பாரா? டிவியை விலக்கினால் லிஸ்ட் மறுபடி Too small-க்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முத்துவேல்

ஏற்கெனவே ஏறியவர்கள் போக மாட்டார்கள், இனி வருபவர்தான் குறைவார்கள். என் விருப்பம், டிவியை விலக்குங்கள். விளம்பரமாகப் பார்த்தவர்களை மட்டும் தனி லிஸ்ட்டாக வைத்து, கூட்டு லிஸ்ட்டில் 540 நாளுக்குப் பதில் 60 நாள் தங்கவிடுங்கள். தானாக வந்தவர்கள் 540 நாளும் இருக்கட்டும்.

சரண்யா_மீடியா

இதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை முத்துவேல். கயலுக்கு லிஸ்ட் இப்போதுதான் தலை தூக்கியிருக்கிறது. 60 ஆக்கினால் இரண்டு மாதம் கழித்து நிரப்பியவர்கள் மொத்தமாக உதிர்ந்து மறுபடி முதலிலிருந்து. 3,000 தாண்டும்வரை தரம் பார்க்காமல் சேர்ப்பதே நல்லது, அதன்பிறகு பிரிக்கலாம். நீங்கள் சொன்னபடி என் பழைய அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன், ஒரே ஒரு லிஸ்ட்தான் ஓடியிருக்கிறது, அதில் நீங்கள் சொன்னதே சரி. ஆனால் அதுவும் விளம்பரப் பார்வையால் நிறைந்த லிஸ்ட்தான், சேர்க்கை வந்ததே.

கயல்_எடிட்

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. டிவியை இன்று விலக்கிவிட்டேன், 540-ஐ இப்போதைக்குத் தொடவில்லை. Optimized targeting-ஐ அணைத்த பிறகு இந்த ஒன்பது நாளில் லிஸ்ட்டிலிருந்து 31 கிளிக், ஒரு சேர்க்கை. அந்த ஒருவர் நிறப் பாடத்தை மூன்று தடவை பார்த்ததாகப் படிவத்தில் எழுதியிருந்தார். இனி வகுப்பில் சேர்ந்தவர்களை விலக்க வேண்டும், ஆனால் அவர்கள் மொத்தமே 46 பேர். இவ்வளவு சின்ன லிஸ்ட்டை விலக்கப் பயன்படுத்தினால் வேலை செய்யுமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?